நோட்டு வருகிறது, மிஷின் வரவில்லை

வீட்டில் பி.பி. மிஷின் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

காவிரிக் கரையோரம் ஒரு சின்ன டவுனில், மூன்று டாக்டர்கள் உட்காரும் கிளினிக்கில் இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். டாக்டர் அறைக்குள் போகும் முன்னால் எடையும் பி.பி.யும் பார்க்கிற மேசை என்னுடையது. நீங்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகிறீர்கள்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காலண்டர் பின்பக்கத்திலோ நாற்பது பக்க நோட்டிலோ தேதி போட்டு, கோடு கிழித்து, காலையில் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு என்று அழகாக எழுதிக்கொண்டு வருகிறீர்கள். நான் என் கருவியில் பார்க்கிறேன். நோட்டில் 128 இருக்கிறது, என் முள் 150இல் துடிக்கிறது. உடனே உங்கள் முகம் மாறுகிறது. “எங்க மிஷின் தப்பா சிஸ்டர்?” என்று கேட்கிறீர்கள். “மிஷினைக் கொண்டாந்தீங்களா?” என்று நான் கேட்கிறேன். “அது வீட்ல இருக்கு.”

இந்த உரையாடல் வாரத்துக்கு நாலு தடவையாவது நடக்கிறது. மிஷின் வீட்டில் இருக்கும்போது உங்கள் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது. நேற்று ராத்திரி உங்கள் வீட்டு ஈஸிசேரில் எடுத்த எண்ணையும், இன்று காலை பஸ்ஸில் நின்று வந்து, டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து என் மேசையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதில் மிஷினின் குணம் தெரியாது. ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குகிற ஒன்று. அதோடு, வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பலருக்கு ஏறிவிடும். அதனால்தான் டாக்டர்கள் கிளினிக்கில் 140/90ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, வீட்டில் எடுத்த சராசரிக்கு 135/85 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் குறைவாகவும் இங்கே கூடுதலாகவும் இருப்பது மிஷின் கெட்டதற்குச் சாட்சி ஆகாது. அதற்காக மிஷின் சரி என்பதற்கும் அது சாட்சி இல்லை. இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. ஒரே நாளில், ஒரே நாற்காலியில், ஒரே கையில், பத்து நிமிடத்துக்குள் இரண்டு கருவியிலும் பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தில் இல்லை. என் அக்கா வீட்டுக்காரரிடம் செய்த தப்பில்.

அத்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து மேல்கையில் கட்டுகிற மிஷின் வாங்கியிருந்தார். வீட்டில் 130, 132 என்று வரும். எங்கள் கிளினிக்குக்கு வந்தால் என் கருவியில் 142, 144. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், “மிஷின் சரியில்ல அத்தான், தூக்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் மச்சினி சொன்னால் கேட்க வேண்டியதுதானே? பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கருவி சர்வீஸ் பண்ணுகிற பையன் வந்தான். என் மேசையில் இருந்த முள் கருவியைக் காற்றே இல்லாமல் கையில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “சிஸ்டர், இது எத்தன நாளா இப்படி நிக்குது?” முள் பூஜ்யத்தில் இல்லை. பத்தில் நின்றது. பட்டையில் ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லாதபோதே அது பத்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தானுடைய மிஷின் யோக்கியமாகத்தான் பேசியிருக்கிறது.

அன்றிலிருந்து ஒன்றைப் பழக்கமாக வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். முள் கருவியில் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தால், காற்று அடிக்கும் முன்னால் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கண் பாருங்கள். பூஜ்யத்தைச் சுற்றி சின்னதாக ஒரு கட்டம் போட்டிருப்பார்கள், முள் அதற்குள் இருக்க வேண்டும். வெளியே நின்றால் அந்தக் கருவியை வைத்து உங்கள் மிஷினை எடைபோட முடியாது. முள் கட்டத்துக்குள் நின்றாலும் மேலே 150, 200 பக்கம் தப்பாகக் காட்டலாம். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சோதித்துச் சரிபார்க்க வேண்டும். “கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணீங்க சிஸ்டர்?” என்று கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொண்டால் சர்வீஸ் பண்ணி ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சரி, மிஷினைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பலர் என்ன செய்யச் சொல்கிறார்கள் தெரியுமா? இடது கையில் அவர்கள் மிஷின், வலது கையில் என் கருவி, இரண்டையும் ஒரே நேரத்தில் போடச் சொல்கிறார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டு கைக்கும் அழுத்தம் ஒன்றாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. சிலருக்குப் பத்துப் புள்ளிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கிறது. அப்போது இரண்டு மிஷினும் சரியாகவே இருந்தாலும் எண்கள் ஒத்துப்போகாது. அதனால் ஒரே கைதான். எந்தக் கை என்றால், எப்போதும் கூடுதலாகக் காட்டுகிற கை. அது எது என்று தெரியாவிட்டால் முதலில் இரண்டு கையிலும் ஒவ்வொரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் சிலர், “நம்ம மிஷின்ல ஒண்ணு, உங்க மிஷின்ல ஒண்ணு, அவ்வளவுதானே” என்பார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உட்கார்ந்தவுடன் எடுக்கிற முதல் எண் பெரும்பாலும் உசந்துதான் இருக்கும். அடுத்தடுத்து எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே வரும். உடம்பு நிதானத்துக்கு வருகிறது, கையைப் பட்டை இறுக்குவதும் பழகிவிடுகிறது. எந்த மிஷின் முதலில் போனதோ அது கூடுதலாகக் காட்டியதாகவும், பின்னால் போனது குறைத்துக் காட்டியதாகவும் தெரியும். மிஷின்கள் மேல் பழி விழும், இறங்கியது நீங்கள்.

இதற்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு முறை வெளியிட்டிருக்கிறது. நான் பின்பற்றுவது அதைத்தான், எளிமையான தந்திரம். மொத்தம் ஐந்து தடவை பார்க்க வேண்டும். முதல் இரண்டும் உங்கள் மிஷினில், மூன்றாவது கிளினிக் கருவியில், நான்காவது மறுபடி உங்கள் மிஷினில், ஐந்தாவது கிளினிக் கருவியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் இடைவெளி. முதல் எண்ணை எழுதிக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவதும் நான்காவதும் உங்கள் மிஷின், நடுவில் மூன்றாவதாக என் கருவி. அழுத்தம் படிப்படியாக இறங்கினாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று என் எண்ணை உங்கள் இரண்டு எண்கள் அணைத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இரண்டின் சராசரியை எடுத்தால், என் கருவி பார்த்த அதே நிமிடத்தில் உங்கள் மிஷின் என்ன சொல்லியிருக்கும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

கணக்கு மேல் எண்ணுக்கு மட்டும்தான். சராசரிக்கும் என் எண்ணுக்கும் வித்தியாசம் ஐந்து வரை இருந்தால் மிஷினை நம்பலாம். பத்துக்கு மேல் போனால் அதை வைத்து மருந்து விஷயம் எதுவும் பேசக் கூடாது. ஆறிலிருந்து பத்து வரை இருந்தால் இன்னொரு படி உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் எங்களிடம் வருவார். பெயர் வேண்டாம், ‘ஐயா’ என்றே சொல்கிறேன். நோட்டில் எல்லாமே 126க்கும் 132க்கும் நடுவில். என் மேசையில் தொடர்ந்து மூன்று மாதம் 152, 156, 150. கூட வந்த மகள், “அப்பா மிஷின் டூப்ளிகேட் சிஸ்டர், கம்மியா காட்டுது” என்று முடிவே கட்டிவிட்டார். டாக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிக்கிற கட்டம். “அடுத்த தடவை அந்த டூப்ளிகேட்டையும் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

வந்தார்கள். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னேன். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னதுதான் கண்டக்டர் ஐயாவுக்கு ரொம்பக் கஷ்டம். பிறகு அவரே அவர் மிஷினைக் கட்டிப் பார்த்தார், 158. மறுபடி, 152. பட்டையைக் கழற்றி அதே கையில் என்னுடையதைக் கட்டி, ஸ்டெத் வைத்துக் கேட்டேன், 150. திரும்ப அவர் மிஷின், 146. கடைசியாக என்னுடையது, 146.

முதல் எண் 158ஐத் தள்ளிவிடுங்கள். 152க்கும் 146க்கும் சராசரி 149. என் கருவி 150. வித்தியாசம் ஒன்று. டூப்ளிகேட் என்று பேர் வாங்கிய மிஷின் என் கருவியோடு தோளோடு தோள் நின்றது. எங்கள் கட்டடத்துக்குள் வந்தால் அதுவும் 150தான் சொல்கிறது. அப்படியென்றால் வீட்டில் அது சொன்ன 128உம் நிஜம்தான். ஐயாவுக்கு ஏறுவது எங்களைப் பார்த்து. டாக்டர் மாத்திரையைத் தொடவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை வீட்டில் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மிஷினில் முதலில் வந்த 158ஐயும், என் கருவியில் கடைசியாக வந்த 146ஐயும் மட்டும் நாம் ஒப்பிட்டிருந்தால் பன்னிரண்டு வித்தியாசம். இந்த மிஷினும் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

நடுவில் விழுகிற கேஸ் என் மாமியாருடையது. அவர் மிஷினில் இரண்டாவதும் நான்காவதும் 140, 136. சராசரி 138. என் எண் 130. வித்தியாசம் எட்டு. இப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். என்னுடைய மூன்றாவது 130, ஐந்தாவது 132, சராசரி 131. அதற்கு நடுவில் நிற்கிற அவருடைய நான்காவது எண் 136. வித்தியாசம் ஐந்து. இந்த இரண்டாம் படியில் பத்துக்குள் இருந்தால் மிஷினை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டோம். ஆனால் அட்டையில் அந்த ஐந்து எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன், டாக்டர் பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள. நீங்களாக வீட்டில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் எட்டைக் கழித்து எழுதாதீர்கள். மிஷின் காட்டியதை அப்படியே எழுதுங்கள், கழிக்கிற வேலை டாக்டருடையது. 140இல் எட்டு கூடுதல் என்றால் 180இலும் எட்டுதான் கூடுதலாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இப்போது மெஸ் நடத்துகிற ஒரு அக்காவின் கதை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். அவர் வேறு ஊரில் வேறு ஒரு டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்தவர். வீட்டு நோட்டில் 160, 165 என்று இருந்ததை வைத்து அங்கே மருந்தை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். அடுப்படியில் குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று எங்களிடம் வந்தார். மிஷின் பையில் இருந்தது, அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. ஐந்து தடவை பார்த்தோம். அவர் மிஷின் 168, 164. நான் 148. அவர் மிஷின் 162. நான் 146. சராசரி 163, வித்தியாசம் பதினைந்து.

மிஷின் போச்சு என்று சொல்லியிருப்பேன். அத்தான் ஞாபகம் வந்ததால் வாயை மூடிக்கொண்டு பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. தையல் டேப்பை எடுத்து அக்காவின் மேல்கையை, தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்தேன், 36. பட்டைக்குள்ளே காற்று நிரம்புகிற பை ஒன்று இருக்கிறது இல்லையா, அதன் நீளம் கைச் சுற்றளவில் ஐந்தில் நாலு பங்காவது இருக்க வேண்டும். அக்காவின் கைக்குக் கிட்டத்தட்ட 29 செ.மீ. வேண்டும். சின்னப் பை பெரிய கையைச் சரியாக அணைக்காது. ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று வேண்டியிருக்கும், அந்த அதிகத்தையும் மிஷின் உங்கள் பி.பி. என்றே எண்ணிக்கொள்ளும். என் மேசையில் பெரிய கைக்கு என்று தனிப் பட்டை இருக்கிறது, நான் அதைத்தான் கட்டியிருந்தேன்.

அதே கம்பெனியின் பெரிய பட்டையை வரவழைத்தார். வேறு கம்பெனிப் பட்டையை மாட்டாதீர்கள். ஒவ்வொரு மிஷினும் தன் பட்டையை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பத்து நாள் கழித்து மறுபடி ஐந்து தடவை பார்த்தோம். இந்தத் தடவை அவர் மிஷினின் இரண்டாவதும் நான்காவதும் 150, 146. நான் 146. சராசரி 148, வித்தியாசம் இரண்டு. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு துணியில். அந்தத் துணிதான் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்ட வைத்தது.

நீங்கள் மிஷினைக் கொண்டுவரும்போது பட்டையை நீங்களேதான் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். “நீங்களே கட்டி விடுங்க சிஸ்டர்” என்று கையை நீட்டாதீர்கள். நான் ஒழுங்காகக் கட்டிவிட்டால் உங்கள் மிஷின் பாஸ் ஆகிவிடும், நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பழையபடி ரவிக்கைக் கைக்கு மேலேயே கட்டுவீர்கள். நீங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்களோ அதை நான் பார்க்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றி, அது ஒரு கயிறு மாதிரி கையை இறுக்க, அதற்குக் கீழே பட்டை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டையைத் தலைகீழாகக் கட்டி டியூப் தோள் பக்கம் போனவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விட அதிகம், கையை மடியில் வைத்துக்கொள்வது. பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் கிட்டத்தட்ட எட்டுப் புள்ளி ஏறிவிடும். ரத்தமும் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான், கீழே உள்ள குழாயில் வேகம் அதிகம். மேசைமேல் கையை வைத்து, மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை அடியில் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் எங்களுக்கும் பொருந்தும். அவசரத்தில் சேலைத் தலைப்புக்கு மேலேயே கட்டுகிறவர்கள், கை தொங்கத் தொங்க எடுக்கிறவர்கள், எடுக்கும்போதே “இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க” என்று பேச்சுக் கொடுக்கிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். இன்னொரு கெட்ட பழக்கம், எண்ணை உருட்டுவது. முள் 134இல் துடிப்பதைக் கேட்டுவிட்டு அட்டையில் 130 என்று எழுதிவிடுவோம். உங்கள் பழைய அட்டைகளை எடுத்துப் பாருங்கள். எல்லா எண்ணும் பூஜ்யத்திலேயே முடிந்தால் அது உங்கள் உடம்பு அல்ல, எங்கள் சோம்பல். மிஷினைச் சரிபார்க்கிற அன்றைக்கு மட்டுமாவது, “இரண்டிரண்டாப் பாத்து எழுதுங்க” என்று சொல்லுங்கள். காற்றை மெதுவாக, நொடிக்கு இரண்டு புள்ளி வீதம் இறக்கினால்தான் அப்படிப் பார்க்க முடியும். சர்ரென்று இறக்கினால் முதல் சத்தம் தப்பிப்போய் மேல் எண் குறைவாக விழும்.

வித்தியாசம் பூஜ்யமாக இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு சமாதானம். நான் செய்கிற வேலையும் உங்கள் மிஷின் செய்கிற வேலையும் வேறு வேறு. நான் காதால் கேட்கிறேன். 1905இல் ரஷ்ய டாக்டர் நிக்கோலாய் கொரோட்கோவ் சொன்ன முறை அது. காற்றை இறக்கும்போது ரத்தம் மறுபடி பாயத் தொடங்குகிற முதல் தட்டல் மேல் எண், சத்தம் அடங்குகிற இடம் கீழ் எண். உங்கள் மிஷினுக்குக் காது கிடையாது. நாடி அடிக்கும்போதெல்லாம் பட்டைக்குள் காற்று லேசாக அதிர்வதை அது உணர்கிறது. அந்த அதிர்வு எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்து, அதிலிருந்து மேலையும் கீழையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே மூன்று, நான்கு என்று வித்தியாசம் வருவது சண்டை போடுகிற விஷயமே இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அப்போது மிஷினின் எண் ஒவ்வொரு தடவையும் தாவும், ஐந்து தடவை பார்த்து முடிவு கட்டுவது சரியாக வராது.

இந்தச் சோதனை உங்களுக்கும் உங்கள் மிஷினுக்கும் மட்டும்தான் சான்றிதழ். ஐயாவுக்கு ஒத்துப்போன மிஷின் அவர் வீட்டம்மா கையிலும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் இரண்டு பேர் ஒரே மிஷினில் பார்த்தால் இரண்டு பேரும் வாருங்கள். மிஷின் கீழே விழுந்தாலோ, புதுப் பட்டை மாற்றினாலோ, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையோ மறுபடி பார்க்க வேண்டும். கடையில் வாங்குகிற போதே, முறைப்படி பல பேருடைய கையில் சோதித்துத் தேர்ச்சி பெற்ற மாடலா என்று பார்த்து வாங்குவது வேறு விஷயம். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். “கூட்டத்துல யாரு சிஸ்டர் அஞ்சு தடவை பாப்பாங்க?” திங்கட்கிழமை காலையில் வந்து கேட்டால் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முதல் நாளே போன் பண்ணி, “மிஷினைச் சரிபார்க்கணும், எப்ப வந்தா தோது?” என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் காற்றாடுகிற நேரம் ஒன்று உண்டு, எங்களிடம் அது மதியம் பன்னிரண்டரை. உட்கார்கிற ஐந்து நிமிடத்தையும் சேர்த்துக் கால் மணி நேர வேலை. அந்த ஐந்து நிமிடம் நான் அடுத்தவருக்கு ஊசி போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை நோட்டோடு மிஷினையும் எடுத்து வாருங்கள். அதன் சொந்தப் பட்டையோடு, புது பேட்டரி போட்டு, வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு வதக்காமல். வரும் முன் அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி வேண்டாம். கை தளர்ந்த சட்டையோ ரவிக்கையோ போட்டு வாருங்கள். மாத்திரையை வழக்கமான நேரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், சோதனைக்காக நிறுத்தி வைக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, எந்தக் கை, பட்டையின் அளவு, ஐந்து எண்கள், இவற்றுக்கு இடம் விட்டு வையுங்கள், நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்த டாக்டர் பேச்செடுத்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

அத்தான் இப்போது புது மிஷின் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைக்கிறார். வைத்துவிட்டு, நான் பல்பைக் கையில் எடுக்கும் முன்னால், “முள் எங்க நிக்குதுன்னு பாத்தியா?” என்று கேட்கிறார். பார்க்கிறேன்.

உங்கள்,
கிளினிக் சிஸ்டர்